முப்பரிமாண வரைபில் மட்டக்களப்பு ஏன் அம்பாறையை விடப் பெரிதாகத் தெரிகிறது?

அறிக்கை ஒன்றில் இருக்கும் முப்பரிமாண வரைபைக் காட்டி "இந்தப் படம் பிழையாக இருக்கிறதே" என்று கேட்டால், "எண்களைச் சரிபார்த்துத்தான் போட்டோம், எக்செல் கணக்கில் பிழை விடாது" என்ற மறுமொழிதான் பெரும்பாலும் வரும். அந்த மறுமொழி உண்மையானது. எண்களில் பிழை இருப்பதில்லை. இன்னொரு பக்கத்தில், முப்பரிமாண வரைபே கூடாது என்று சொல்பவர்களில் பலர் அதைப் பழைய பாணி, அழகில்லை என்ற ரசனைக் காரணத்துக்காகச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் முக்கியமான இடத்தைத் தவறவிடுகின்றன. சரியான எண்ணை உள்ளே கொடுத்தாலும், அந்த எண் படமாகி நம் கண்ணுக்கு வந்து சேரும் வழியில் அதன் அளவு மாறிவிடுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பதை அடிமட்டத்தாலும் பாகைமானியாலும் அளந்தே காட்டலாம்.

இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப்போகிறோம். பிரதேச செயலக அறிக்கை, சங்கத்தின் ஆண்டறிக்கை, பாடசாலைச் செயற்றிட்டம் என்று எதற்காவது வரைபு போட வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். உயர்தரக் கணிதம் தேவையில்லை.

## எடுத்துக்கொள்ளும் எண்கள்

நமது மாகாணத்தின் மூன்று எண்களையே எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் 649,402 பேர், மட்டக்களப்பில் 526,567 பேர், திருகோணமலையில் 379,541 பேர். கிழக்கு மாகாணம் மொத்தமாக 1,555,510 பேர்.

சதவீதமாகப் பார்த்தால் அம்பாறை 41.7, மட்டக்களப்பு 33.9, திருகோணமலை 24.4. அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் 122,835 பேர் வித்தியாசம். இது சிறிய வித்தியாசம் அல்ல. எந்த வரைபாக இருந்தாலும் இதைத் தெளிவாகக் காட்ட வேண்டும்.

இந்த எண்களை வட்ட வரைபாக, அதாவது நாம் பேச்சில் பை சார்ட் என்று சொல்வதாகப் போட்டால், 360 பாகை மூன்றாகப் பிரியும். அம்பாறைக்கு 150 பாகை, மட்டக்களப்புக்கு 122, திருகோணமலைக்கு 88. இப்படிப் பிரியும் ஒவ்வொரு துண்டையும் கணித பாடத்தில் ஆரைச்சிறை என்று படித்திருப்போம். இங்கே துண்டு என்றே சொல்கிறேன்.

தட்டையான வட்டத்தில் இவை சரியாகவே விழும். எக்செல் முதல் துண்டை வட்டத்தின் உச்சியில், மணிக்கூட்டின் 12 இருக்கும் இடத்தில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றி வரும். ஆகவே அம்பாறை வலப்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு கீழேயும் கொஞ்சம் வரும். மட்டக்களப்பு கீழ்ப்பக்கத்தையும் இடது கீழ்ப்பக்கத்தையும் பிடிக்கும். திருகோணமலை இடது மேல் மூலையில் நிற்கும். அம்பாறைதான் பெரியது என்பது பார்த்தவுடனே தெரியும்.

இதையே `3-D Pie` என்று மாற்றினால் என்ன நடக்கிறது?

## கிணற்றடியில் தெரியும் விடயம்

வளவுக்குள் இருக்கும் வட்டக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவுக்குக் கட்டு எழுப்பிய கிணறு. கட்டோடு சேர்ந்து நின்று குனிந்து நேர் கீழே பார்த்தால் வாய் முழு வட்டமாகத் தெரியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அதே வாய் அகலமாகவும் உயரம் குறைந்தும், முட்டை வடிவில் தெரியும். இந்தச் சப்பையான வட்டத்தை நீள்வட்டம் என்பார்கள். கிணறு மாறவில்லை. இடம் வலமாக உள்ள அகலம் அப்படியே இருக்கிறது, முன் பின்னாக உள்ள நீளம் மட்டும் கண்ணுக்குச் சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நமக்குக் கிட்ட இருக்கும் பக்கத்தில் கட்டின் வெளிச்சுவர் முழுதாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு வெளிச்சுவர் இருக்கிறது, ஆனால் அது நமக்கு மறைவாக நிற்பதால் கொஞ்சமும் தெரியாது.

முப்பரிமாண வட்ட வரைபில் நடப்பவை இந்த இரண்டும்தான். வட்டம் சரிக்கப்படுவதால் அது சுருங்குகிறது. அதற்குத் தடிப்புக் கொடுக்கப்படுவதால் முன்பக்கத்துச் சுவர் மட்டும் தெரிகிறது. முதலாவது துண்டுகளின் கோணங்களை மாற்றுகிறது, இரண்டாவது நிறத்தின் பரப்பளவை மாற்றுகிறது. இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இவற்றால் வரும் பிழைகள் வேறு வேறு.

## சரிவு கோணத்தை என்ன செய்கிறது

எக்செல் முப்பரிமாண வட்டத்தைப் போடும்போது அதன் `Y Rotation` என்ற அளவை வழமையாக 30 பாகையில் வைக்கும். கண், வட்டத்தின் தளத்துக்கு மேலே 30 பாகை உயரத்தில் இருந்து பார்ப்பதாக அர்த்தம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் முன் பின் நீளம் சரியாகப் பாதியாகத் தெரியும். 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் 10 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள நீள்வட்டமாகிவிடும். தூரத்தில் உள்ளதை இன்னும் சிறிதாக்கிக் காட்டும் `Perspective` என்ற ஒன்றும் எக்செலில் உண்டு. கணக்கு எளிதாக இருப்பதற்காக அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டைப் பார்ப்போம். தட்டையான வட்டத்தில் அந்தக் கோடு மையத்திலிருந்து கீழ் வலப்பக்கமாகப் போய் விளிம்பைத் தொடும். 5 செ.மீ. ஆரையில் அது தொடும் இடம் மையத்துக்கு வலமாக 2.5 செ.மீ., கீழாக 4.3 செ.மீ. வட்டத்தைச் சரித்ததும் வலமாக உள்ள 2.5 செ.மீ. மாறாது. கீழாக உள்ள 4.3 செ.மீ. பாதியாகி 2.2 செ.மீ. ஆகிவிடும். முன்பு செங்குத்தாகக் கீழ்நோக்கும் திசையிலிருந்து 30 பாகை மட்டும் விலகியிருந்த கோடு, இப்போது 49 பாகை விலகிப் படுத்துவிடுகிறது. அதாவது எல்லைக்கோடு 19 பாகை அம்பாறையின் பக்கமாக நகர்ந்துவிட்டது.

மற்ற இரண்டு எல்லைகள் அநேகமாக அசையாது. உச்சியிலிருந்து வரும் கோடு செங்குத்தாகவே இருக்கும், நீளம் மட்டும் குறையும். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் நடுவே உள்ள கோடு ஏறக்குறையக் கிடையாக இருப்பதால் ஒரு பாகை அளவே நகரும். ஆகவே இந்தப் படத்தில் இழப்பு முழுவதும் அம்பாறைக்குத்தான். அந்த இழப்பு மட்டக்களப்பின் கணக்கில் சேர்கிறது.

திரையில் பாகைமானியை வைத்து அளந்தால் அம்பாறை 131 பாகை, மட்டக்களப்பு 140 பாகை, திருகோணமலை 89 பாகை. இரண்டாம் இடத்தில் இருக்கவேண்டிய மாவட்டம் முதலாம் இடத்துக்கு வந்துவிட்டது. எண்களில் யாரும் கை வைக்கவில்லை. பெரியதிலிருந்து சிறியதாக ஒழுங்காக அடுக்கிக் கொடுத்து, எக்செலின் வழமையான சரிவை அப்படியே விட்டதற்கே இந்த விளைவு.

ஒரு துண்டு எவ்வளவு பாதிக்கப்படும் என்பது அது எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சரியாகக் கால் பங்குள்ள, 90 பாகைத் துண்டு ஒன்றை எடுங்கள். அது நடு முன்பக்கத்தில் இருந்தால் இதே சரிவில் 127 பாகையாக விரிந்து, மூன்றில் ஒரு பங்கை விடக் கூடுதலாகத் தெரியும். அதையே வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ வைத்தால் 53 பாகையாக ஒடுங்கி, ஆறில் ஒரு பங்கை விடக் குறைவாகத் தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வட்டத்தைச் சரிக்கும்போது முன்னும் பின்னும் உள்ள துண்டுகளின் கோணம் விரிகிறது, இரு பக்கங்களிலும் உள்ளவற்றின் கோணம் ஒடுங்குகிறது. எங்கள் எடுத்துக்காட்டில் இதுவே முதலாம் இரண்டாம் இடங்களை மாற்றப் போதுமாக இருந்தது.

## சுவர் சேர்க்கும் நிறம்

இங்கே ஒருவர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்கலாம். "கோணம் மாறினாலும், வட்டம் முழுவதும் ஒரே அளவாகத்தானே சுருங்குகிறது? அப்படியானால் பரப்பளவின் பங்கு மாறாதே?" மேற்பரப்பை மட்டும் எடுத்தால் அவர் சொல்வது சரி. நீள்வட்டத்தின் மேற்பரப்பில் அம்பாறைக்கு உரிய பங்கு அப்போதும் 41.7 சதவீதம்தான். முப்பரிமாண வரைபைக் குறைசொல்லும் பலர் இந்த உண்மையைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆனால் படத்தில் மேற்பரப்பு மட்டும் இல்லை. துண்டின் சுவருக்கும் அதே நிறம்தான், கொஞ்சம் கருமையாக. கண் இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது.

சுவர் படத்தில் 1 செ.மீ. உயரமாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நீள்வட்டத்தின் மேற்பரப்பு மொத்தம் 39.3 சதுர செ.மீ. அதில் அம்பாறைக்கு 16.4, மட்டக்களப்புக்கு 13.3, திருகோணமலைக்கு 9.6. இனிச் சுவரைச் சேர்ப்போம். முன்பக்கச் சுவரில் பெரும்பகுதி மட்டக்களப்புக்கு உரியது. அதனால் அதற்கு 7.5 சதுர செ.மீ. மேலதிகமாகக் கிடைக்கிறது. அம்பாறைக்கு 2.5. திருகோணமலை பின்பக்கத்தில் இருப்பதால் ஒன்றுமே இல்லை.

கூட்டிப் பார்த்தால் மட்டக்களப்பு 20.8, அம்பாறை 18.9, திருகோணமலை 9.6. ஆக, கோணத்தைப் பார்த்தாலும் மட்டக்களப்புத்தான் முதலிடம், நிறத்தின் பரப்பைப் பார்த்தாலும் மட்டக்களப்புத்தான் முதலிடம். திருகோணமலையின் பங்கு 24.4 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாக இறங்கிவிட்டது. தடிப்பைக் கூட்டக் கூட்ட இந்தப் பிழையும் கூடும்.

## அதே படத்தைத் திருப்பினால்

எக்செலில் `Format Data Series` என்பதற்குள் `Angle of first slice` என்ற ஒன்று இருக்கிறது. அதை 0 இலிருந்து 180 ஆக்குங்கள். வட்டம் அரைச்சுற்றுச் சுழன்று மட்டக்களப்பு பின்பக்கத்துக்குப் போகும், அம்பாறையும் திருகோணமலையும் முன்னுக்கு வரும். எண்கள் அவையேதான்.

இப்போது முன்சுவரை அம்பாறையும் திருகோணமலையும் ஆளுக்கு 5 சதுர செ.மீ. வீதம் பங்கிட்டுக்கொள்கின்றன. மட்டக்களப்புக்குச் சுவர் அநேகமாக இல்லை. நிறத்தின் பரப்பு அம்பாறைக்கு 21.4, திருகோணமலைக்கு 14.6, மட்டக்களப்புக்கு 13.3. சற்றுமுன் முதலாவதாக இருந்த மட்டக்களப்பு, தன்னைவிட 147,026 பேர் குறைவாக உள்ள திருகோணமலைக்கும் கீழே போய்விட்டது. ஆனால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி விரிவதால் மட்டக்களப்பின் கோணம் அதே 140 பாகையாகவே நிற்கிறது. கோணம் ஒன்றைச் சொல்ல, நிறம் நேரெதிராக வேறொன்றைச் சொல்கிறது. பார்ப்பவர் எதை நம்புவார் என்பதை வரைந்தவரால் தீர்மானிக்க முடியாது.

முப்பரிமாண வட்டம் ஒன்று நம்பத்தக்கதா என்று சந்தேகம் வந்தால் செய்யக்கூடிய மிகச் சுருக்கமான சோதனை இதுதான். வட்டத்தைச் சுழற்றிப் பாருங்கள். தட்டையான வட்டத்தை எப்படிச் சுழற்றினாலும் எந்தத் துண்டு பெரியது என்பது மாறாது. முப்பரிமாண வட்டத்தில் அது மாறும்.

உலகம் முழுவதும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், அமெரிக்காவில் ஸ்மார்ட்போன் சந்தை எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதை மேடையில் முப்பரிமாண வட்டமாகக் காட்டினார். ஆப்பிளின் பங்கு 19.5 சதவீதம். "ஏனையவை" என்ற துண்டு 21.2 சதவீதம். ஆப்பிளின் பச்சைத் துண்டு முன்பக்கத்தில் தடித்த சுவரோடு நின்றது, ஏனையவை பின்னால் போயிருந்தது. படத்தில் ஆப்பிள்தான் பெரியதாகத் தெரிந்தது. எண்கள் துண்டுகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தும் அப்படித்தான் தெரிந்தது. எண்ணை மேலே எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எண்ணை வாசிக்க முன்னரே கண் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது.

## சலாகை வரைபில் பிழை வேறு வகையானது

சலாகை வரைபு என்பது பார் சார்ட். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பட்டை, எண்ணுக்கு ஏற்ற நீளத்தில். முப்பரிமாண சலாகைகளில் வட்டத்தில் போல வரிசை தலைகீழாவது குறைவு. இங்கே வரும் சிக்கல் அளவைப் படிப்பதில் இருக்கிறது.

எக்செலின் முப்பரிமாண சலாகை வரைபில் அளவுக்கோடுகள் பின்சுவரில் வரையப்பட்டிருக்கும். சலாகைகள் அந்தச் சுவரோடு ஒட்டி நிற்பதில்லை, கொஞ்சம் முன்தள்ளி நிற்கும். பார்வை மேலிருந்து வருவதால் முன்னால் இருப்பது திரையில் கீழே இறங்கித் தெரியும். சலாகையின் முன் உச்சியிலிருந்து கிடையாகக் கண்ணை ஓட்டிப் பின்சுவரைத் தொட்டால், உண்மை எண்ணை விடக் குறைவான இடத்தில் போய்த் தட்டும்.

பின்சுவரில் 100,000 பேருக்கு 1 செ.மீ. என்று அளவு இருக்கட்டும். சலாகைகள் முன்தள்ளி நிற்பதால் திரையில் அரை செ.மீ. கீழே இறங்கியிருக்கட்டும். அம்பாறையின் உச்சி 6.5 செ.மீ. இல் தெரிய வேண்டியது, 6 செ.மீ. இல் தெரியும். பார்ப்பவர் ஆறு இலட்சம் என்று படிப்பார். திருகோணமலையை 330,000 என்று படிப்பார். இரண்டிலும் குறைவது ஏறத்தாழ ஐம்பதாயிரம்தான். ஆனால் அம்பாறைக்கு அது 8 சதவீதப் பிழை, திருகோணமலைக்கு 13 சதவீதப் பிழை. எண் சிறிதாக இருக்க இருக்க, விழும் அடி பெரிதாகிறது. சலாகையின் மேற்பக்கமும் ஒரு சரிந்த கட்டமாகத் தெரிவதால், முன்விளிம்பைப் படிப்பதா பின்விளிம்பைப் படிப்பதா என்ற குழப்பம் வேறு.

அடிப்பக்கமும் உச்சியோடு சேர்ந்து கீழே இறங்குவதால் ஒரு சலாகையின் நீளம் மாறுவதில்லை. பக்கத்துச் சலாகையோடு ஒப்பிட்டால் விகிதம் சரியாகவே இருக்கும். அதனால்தான் இதை வட்டத்தை விடக் குறைந்த குற்றம் என்கிறேன்.

சலாகைகளை ஒன்றன் பின் ஒன்றாக வரிசை வரிசையாக அடுக்கும் வகை மட்டும் இதற்கு விலக்கு. பெரும்போக நெல் விளைச்சலை முன்வரிசையிலும் சிறுபோகத்தைப் பின்வரிசையிலும் போட்டால், முன்னால் நிற்கும் உயரமான சலாகைகள் பின்னால் உள்ளவற்றை மறைத்துவிடும். மறைந்த எண்ணை எந்தத் திறமையாலும் படிக்க முடியாது. இந்த வகையை நான் எந்த அறிக்கைக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சுருக்கமாக: முப்பரிமாண வட்டம் எது பெரியது என்பதையே மாற்றக்கூடும். முப்பரிமாண சலாகை எவ்வளவு என்பதைக் குறைத்துக் காட்டும், வரிசைகளாக அடுக்கினால் சிலவற்றைக் காட்டவே காட்டாது.

## தட்டையாகப் போடுவது எப்படி

1984இல் அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர்களான வில்லியம் கிளீவ்லாந்தும் ரொபேர்ட் மக்கில்லும் வரைபுகளைக் கண் எப்படிப் படிக்கிறது என்பதை ஆட்களை வைத்துச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரே அளவுகோலில் இரண்டு புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்று ஒப்பிடுவதைக் கண் மிகத் துல்லியமாகச் செய்கிறது. கோணத்தை மதிப்பிடும்போது பிழை கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. தட்டையான சலாகை வரைபு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். எல்லாச் சலாகைகளும் ஒரே கோட்டில் தொடங்குகின்றன, முனைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

எக்செலில் ஏற்கெனவே போட்ட முப்பரிமாண வரைபைத் தட்டையாக்க எண்களை மறுபடி அடிக்கத் தேவையில்லை. வரைபைத் தெரிவுசெய்து `Change Chart Type` இற்குப் போய் `Clustered Bar` என்பதை எடுங்கள். இது சலாகைகளைக் கிடையாகப் போடும். எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருந்தும் எக்செல் முதலாவதைக் கீழே வைக்கும். அதனால் பெயர்கள் இருக்கும் அச்சின் அமைப்புக்குள் `Categories in reverse order` என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அம்பாறை மேலே வந்துவிடும். பிறகு `Data Labels` சேர்த்து, ஒவ்வொரு சலாகையின் முனையிலும் எண்ணைக் காட்டுங்கள். எண் வந்துவிட்டால் `Gridlines` தேவையில்லை. பெயர் பக்கத்திலேயே இருப்பதால் `Legend` உம் தேவையில்லை. இரண்டையும் அழித்துவிடலாம்.

மூன்று சலாகைகளுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். அறிக்கை மட்டக்களப்பைப் பற்றியது என்றால் அதற்கு மட்டும் கடும் நிறம், மற்றவற்றுக்குச் சாம்பல். கறுப்பு வெள்ளையில் போட்டோ பிரதி எடுத்தாலும் இது அழியாது. பல நிற வட்டமோ பிரதியில் ஒரே சாம்பலாகிவிடும்.

தட்டையான வரைபாலும் பொய் சொல்ல முடியும் என்பதை மறக்கக்கூடாது. சலாகை வரைபின் அளவுகோல் பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். அச்சின் `Minimum` என்ற இடத்தில் 300,000 என்று கொடுத்துப் பாருங்கள். அம்பாறை திருகோணமலையின் 4.4 மடங்கு நீளமாகத் தெரியும். உண்மையில் அது 1.7 மடங்குதான். நீளத்தைக் கொண்டு எண்ணைச் சொல்லும் வரைபில் நீளத்தின் ஒரு பகுதியை வெட்டினால் விகிதம் குலைந்துவிடும்.

"மாகாணத்தில் இத்தனை பங்கு" என்பதுதான் சொல்ல வேண்டிய செய்தி என்றால், தட்டையான வட்டம் மோசமில்லை. மூன்று துண்டுகள், அவற்றில் ஒன்று கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, ஒன்று மூன்றில் ஒரு பங்கு. இதைக் கண் எளிதாகப் பிடிக்கும். துண்டுகள் ஐந்து ஆறைத் தாண்டினாலோ இரண்டு துண்டுகள் கிட்டத்தட்டச் சமமாக இருந்தாலோ சலாகைக்கு மாறிவிடுங்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளையும் காட்ட வேண்டி வந்தால் வட்டத்தை யோசிக்கவே வேண்டாம். பதினான்கு நிறங்களைப் பிரித்தறிய யாராலும் முடியாது. நிறுத்திய சலாகைகளும் அங்கே சிரமப்படும். மண்முனை தென் எருவில்பற்று, கோறளைப்பற்று வடக்கு, போரதீவுப்பற்று போன்ற நீண்ட பெயர்கள் சலாகையின் காலடியில் இடம் போதாமல் சரிந்து விழும், வாசிப்பவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். கிடைச் சலாகையில் பெயர் இடப்பக்கத்தில் நேராக நிற்கும், பட்டை வலப்பக்கமாக ஓடும். அம்பாறையின் 20 பிரிவுகளும்கூட ஏ4 தாளின் அரைப்பக்கத்தில் அடங்கிவிடும்.

பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட வேண்டுமென்றால் கோட்டு வரைபு நல்லது. கிடையில் ஆண்டுகள், மேலே இரண்டு கோடுகள், கோட்டின் முடிவில் போகத்தின் பெயர். ஒன்று மற்றொன்றை மறைக்க வழியில்லை.

மூன்றாவது பரிமாணம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் இருக்கிறது. வாவியின் அடித்தளம் எங்கே ஆழம், எங்கே மேடு என்று காட்டும் படத்தில் நீளம், அகலம், ஆழம் என்று மூன்று அளவுகள் தரவிலேயே உள்ளன. மாவட்டச் சனத்தொகையில் இருப்பது ஒரேயோர் அளவு. வரைபில் சேர்க்கும் தடிப்புக்கும் சரிவுக்கும் அங்கே ஒப்பான எண் எதுவும் கிடையாது.

## அச்சிட்ட படம் மட்டும் கையில் இருந்தால்

சில வேளைகளில் மூலக் கோப்பு கிடைக்காது. அறிக்கையில் எண்கள் இல்லாத முப்பரிமாணப் படம் மட்டும் இருக்கும். அப்போதும் ஓரளவுக்கு மீட்கலாம்.

சலாகையாக இருந்தால் பின்சுவரின் கோடுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். சலாகையின் முன்முகத்தை அதன் அடியிலிருந்து உச்சிவரை அடிமட்டத்தால் அளந்து, மற்றச் சலாகைகளின் முன்முகத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் சரியாகக் கிடைக்கும்.

வட்டமாக இருந்தால் படத்தை எடுத்து வேர்ட்டில் ஒட்டுங்கள். சுவரைச் சேர்க்காமல் மேற்பரப்பின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் அளந்துகொள்ளுங்கள். அகலம் 10 செ.மீ., உயரம் 5 செ.மீ. என்றால் படத்தின் உயரத்தை இரு மடங்காக்க வேண்டும். படத்தின் அளவு அமைப்பில் `Lock aspect ratio` என்பதை நீக்கிவிட்டு உயரத்தை மட்டும் கூட்டுங்கள். மேற்பரப்பு மறுபடியும் வட்டமாகும், சுவர் அசிங்கமாக நீளும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். துண்டுகள் சந்திக்கும் புள்ளியில் பாகைமானியை வைத்து அளந்தால், 140 பாகையாக விரிந்திருந்த மட்டக்களப்பு 122 பாகைக்குத் திரும்பியிருக்கும். 122 ஐ 360 ஆல் வகுத்தால் 33.9 சதவீதம். `Perspective` கூடுதலாகக் கொடுத்து வரைந்த படத்தில் முன்பாதி பின்பாதியை விடப் பெரிதாக இருக்கும் என்பதால் இந்த முறையில் சில பாகைகள் பிசகக்கூடும். நீட்டிய பிறகு துண்டுகள் சந்திக்கும் புள்ளி வட்டத்தின் நடுவில் இல்லாமல் பின்பக்கமாகத் தள்ளி நின்றால், அளப்பதை விட்டுவிட்டு அறிக்கையைத் தயாரித்தவரிடம் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்.